பொருள்: துக்க, அனிச்ச, மெத்தா – தமிழில் எவ்வாறு ஆள்வது?

அன்புள்ள குழுவினருக்கு,
பாலி நூற்பகுதிகள் சிலவற்றைத் தமிழாக்கி வருகிறேன். துக்க, அனிச்ச, மெத்தா ஆகியவற்றுக்கு முறையே துன்பம், மாற்றம், இரக்கம் என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் தம்மபதத்தின் 278ஆம் பாடல் 'ஆக்கப்பட்டவை எல்லாம் துன்பம்' என்றாகிறது. கல்லும் பானையும் துன்புறுவதில்லையே! நூல் முழுவதற்கும் பொருந்தும் சொற்கள் உண்டா?
– மா.

ஐயா,
'நிறைவின்மை' என்று ஆளலாம். புத்தர் கூறியது வலியை அன்று. எப்பொருளும் நிலைத்த நிறைவைத் தராது என்பதையே.
– க.

திரு. க. அவர்கள் கூறுவது பாதி உண்மை. சங்யுத்த நிகாயத்தில் சாரிபுத்தர் துக்கத்தை மூன்றாக வகுக்கிறார்: வலியாகிய துக்கம், இன்பம் திரிந்து போவதால் நேரும் துக்கம், காரணங்களால் ஆக்கப்பட்டிருப்பதே ஆகிய துக்கம். 278ஆம் பாடலில் உள்ளது மூன்றாவது. அங்கே துன்பம் பொருந்தாது. ஆனால் முதல் வகைக்குத் துன்பமே சரி; பல்வலியால் துடிப்பவரிடம் அது நிறைவின்மை என்று சொல்ல முடியுமா?

மணிமேகலையின் முப்பதாம் காதை 'அநித்தம் துக்கம் அநான்மா அசுசி' என்று பாலிச் சொற்களுக்கு இணையான வடசொற்களையே தமிழ் ஒலிக்கேற்ப ஆள்கிறது. தொடர்ந்து மைத்திரி, கருணா, முதிதை என்று தனித்தனியே எண்ணுகிறது. இரக்கம் கருணைக்கு உரியது. அதை மெத்தாவுக்குக் கொடுத்தால் அடுத்த சொல்லுக்கு என்ன செய்வீர்கள்? மெத்தா 'மித்த', அதாவது நண்பன் என்பதிலிருந்து வந்தது, துயருறாதவரிடத்தும் செல்வது.
– சு.

நான் சென்ற தியான முகாமில் 'அனிச்ச, அனிச்ச' என்று ஒலிக்கக் கேட்டு, முதல் நாள் முழுவதும் மோந்தால் குழையும் அனிச்சப் பூவையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே தமிழ்ச் சொல்லே வேண்டும். மெத்தாவுக்கு அன்பு போதாதா?
– வி.

அம்மா, அன்பு போதாது என்றே கருதுகிறேன். மெத்தாவின் தொலைப்பகை வெகுளி, அண்மைப்பகை பற்று என்கிறார் விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர். மெத்தாவைப் போலவே தோன்றி ஏமாற்றுவதால் பற்று அண்மையில் நிற்கிறது. பிள்ளை மேல் வைக்கும் பாசத்தையும் நாம் அன்பு என்றே சொல்கிறோம். நேயம் சற்று நெருங்கி வருகிறது, அதிலும் பற்றின் சாயல் உண்டு.

அனிச்சத்துக்கு மாற்றம் கூடாது. மாறுகின்ற ஒரு பொருள் அடியில் நிலைத்து நிற்பதாக அச்சொல் எண்ண வைக்கும். நிலையாமை இருக்கிறதே.
– சு.

நன்றி. நிலையாமையை ஏற்கிறேன். வலியைக் குறிக்கும் இடத்தில் துன்பம் என்றும், 278ஆம் பாடல் போன்ற இடங்களில் துக்கம் என்றும் எழுதவுள்ளேன். இன்றைய வழக்கில் துக்கம் இழவு வீட்டை நினைவூட்டும் என்பதால் முன்னுரையில் விளக்கம் வேண்டும். மைத்திரியா, நேயமா என்பதில் மற்றவர்களும் கருத்துரைக்க வேண்டுகிறேன்.
– மா.

இரு சொல்லாக்கினால், மூலத்தில் ஒரே சொல் என்பதை வாசகர் எப்படி அறிவார்? எனக்கு உடன்பாடில்லை.
– க.