பிஎம் ஆர்டரில் ஸ்பேர் செலவு பூஜ்யம், ஆனால் பேரிங் திரும்பத் திரும்ப வாங்கச் சொல்கிறது: உதவி தேவை

கோத்தகிரி_ஃபிட்டர்: அவசரம். டீ ஃபேக்டரியில் சிடிசி மெஷினுக்கு மெயின்டனன்ஸ் பிளான் போட்டிருக்கிறோம், ஆர்டர் தானாக வருகிறது, வேலையும் முடிகிறது, ஆனால் ஆர்டரில் பேரிங் செலவே ஏறவில்லை. ராக்கில் சரக்கு இருக்கும்போதே எம்ஆர்பி இன்னும் வாங்கு என்று ரிக்விசிஷன் போடுகிறது. மேனேஜர் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பம்ப்ஹவுஸ்: எங்களுக்கும் இதே தலைவலிதான். ஊட்டியில் எங்கள் பம்புகளுக்கு ஆர்டரே வரவில்லை, பார்த்தால் பிளானிலிருந்து ஆர்டர் போடும் IP30 ஜாப் ராத்திரி ஓடாமல் நின்றிருந்தது. அதைப் பாருங்கள்.

கோத்தகிரி_ஃபிட்டர்: ஆர்டர் வருகிறது என்று எழுதியிருக்கிறேனே அண்ணே.

குன்னூர்_ஸ்டோர்: எஸ்ஏபி தானே? பேரிங்கை எந்த மூவ்மென்டில் இஷ்யூ செய்கிறீர்கள்? ஒரு ஆர்டருக்கு எத்தனை பேரிங், இப்போது ராக்கில் எத்தனை?

பழைய_பிளானர்: கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது தம்பி. டி-கோடும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை, இதில் அவசரம் வேறு. வாரத்துக்கு ஒருவர் இதே கதையோடு வருகிறார்கள்.

கோத்தகிரி_ஃபிட்டர்: எஸ்ஏபி தான் சார். ஆர்டருக்கு 4 பேரிங், டாஸ்க் லிஸ்டிலேயே இருக்கிறது. ராக்கில் 12. ரிக்விசிஷன் 8-க்கு வந்திருக்கிறது. இஷ்யூ ஸ்டோரில் செய்வார்கள், மூவ்மென்ட் எனக்குத் தெரியாது.

குன்னூர்_ஸ்டோர்: அப்படியானால் காஸ்ட் சென்டருக்கு இஷ்யூ செய்யும் 201 போடுகிறார்கள். காஸ்ட் சென்டர் நம்பர் அவர்களுக்கு மனப்பாடம், ஆர்டர் நம்பரைத் தேட வேண்டும், அதனால் 201. இனிமேல் ஆர்டருக்கு இஷ்யூ செய்யும் 261 போடச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

எம்எம்_அக்கா: பாதிதான் சரி. 261 என்றால் ஆர்டரில் செலவு ஏறும், உண்மை. ஆனால் MIGO-வில் R10 எடுத்து, மெட்டீரியலையும் ஆர்டர் நம்பரையும் கையால் அடித்தால், அது திட்டமிடாத இஷ்யூ ஆகிவிடும், ஆர்டர் பேரிங்குக்குப் போட்டு வைத்த பழைய ரிசர்வேஷன் அப்படியே திறந்து நிற்கும். R08-இல் ஆர்டரைக் கொடுத்தோ, R09-இல் ரிசர்வேஷனைக் கொடுத்தோ வரிகளை இழுத்து இஷ்யூ செய்தால்தான் ரிசர்வேஷன் குறையும்.

உங்கள் 8 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. வேலை முடிந்த ஆர்டரை டெக்கோ செய்து மூடாமல் விடுகிறீர்களா? 5 ஆர்டர் திறந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் 4 என்று 20 பேரிங் கேட்டு ரிசர்வேஷன் நிற்கும். கையில் 12, பாக்கி 8. மெஷினில் மாட்டியாகிவிட்ட பேரிங்கை சிஸ்டம் மறுபடி கேட்கிறது, அவ்வளவுதான். MB25-இல் அந்த மெட்டீரியலைப் போட்டு எடுத்த அளவு பூஜ்யமா பாருங்கள், MB51-இல் 201-ஆ 261-ஆ பாருங்கள்.

மிஷின்_ரூம்: இத்தனைக்கும் காரணம் நாள் கணக்கில் பிளான் போடுவது. டிசம்பர், ஜனவரியில் பனி விழுந்து இலை குறைந்து பாதி நாள் மெஷின் நிற்கும், அப்போதும் 30 நாளுக்கு ஒரு ஆர்டர் எதற்கு? ஓடிய மணிக்கணக்கில் கவுன்டர் பிளான் போடுங்கள்.

பம்ப்ஹவுஸ்: கவுன்டர் போட்டால் தினமும் ஷிஃப்டில் IK11-இல் ரீடிங் போட வேண்டும், எங்கள் ஊரில் யார் போடுவார்கள்? ரீடிங் வராவிட்டால், மெஷரிங் பாயின்டில் போட்ட வருட மதிப்பீட்டை வைத்துத்தான் அடுத்த தேதியைக் கணக்குப் போடும். அந்த மதிப்பீடு சீசன் இலைக்குப் போட்டதாக இருந்தால் நாள் கணக்கே மேல்.

மிஷின்_ரூம்: ரீடிங் போட ஆள் இல்லை என்பது மெயின்டனன்ஸ் பிரச்சினை இல்லை, ஒழுங்குப் பிரச்சினை.

பழைய_பிளானர்: இரண்டு பேரும் வேறு இழை ஆரம்பியுங்கள். பேரிங் பற்றிப் பேசுகிறோம்.

எம்எம்_அக்கா: ஃபிட்டர் தம்பி, திருத்துவது இப்படி. தப்பாகப் போன 201-ஐ 202-ஆல் திருப்பி, R08 வழியாக ஆர்டருக்கு 261 போடச் சொல்லுங்கள், அப்புறம்தான் டெக்கோ. 201-ஐத் திருப்பாமல் டெக்கோ செய்தால் மிச்சமுள்ள ரிசர்வேஷன் நீங்கிவிடும், செலவு மட்டும் 201 போன காஸ்ட் சென்டரிலேயே கிடக்கும். பழைய மாதக் கணக்கு மூடியிருந்தால் இன்றைய தேதியில்தான் போகும், ஆர்டரில் இந்த மாதச் செலவு கூடித் தெரியும். கணக்குப் பிரிவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

குன்னூர்_ஸ்டோர்: 202 போட்டால் சரக்கு கையில் இருப்பதாகக் காட்டுமே அக்கா, நடுவில் வேறு யாராவது எடுத்துவிட்டால்?

எம்எம்_அக்கா: இரண்டையும் அடுத்தடுத்து ஒரே ஆள் உட்கார்ந்து போட வேண்டியதுதான்.

கோத்தகிரி_ஃபிட்டர்: பார்த்தேன். 5 வரியிலும் எடுத்த அளவு பூஜ்யம். 4 ஆர்டருக்கு 201, கடைசி ஒன்றுக்கு மட்டும் 261, அதுவும் R10. ரிக்விசிஷனை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. கணக்குப் பிரிவு 202-க்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்டோர்காரர் லீவு. நன்றி.

எம்எம்_அக்கா: அந்த R10 ஆர்டரை இப்போதே டெக்கோ செய்யலாம், செலவு ஏறிவிட்டது. மற்ற நாலுக்கும் கணக்குப் பிரிவு என்ன காரணம் சொன்னார்கள்?

பழைய_பிளானர்: அவர் போய்விட்டார் அம்மா.