டெஸ்டிங் குழுவைப் பிரிக்கிறோம், லீடின் பொறுப்பு பற்றி ஆலோசனை வேண்டும்

வணக்கம். எங்கள் டெஸ்டிங் குழுவின் ஆறு பேரையும் அடுத்த மாதம் மூன்று டெவலப்மென்ட் குழுக்களில் இரண்டிரண்டு பேராகச் சேர்க்கிறோம். இப்போது கோடிங் முழுதாக முடிந்த பிறகுதான் டெஸ்டிங்குக்கு வருகிறது. ரிலீஸுக்கு முந்தைய நாள் பெரிய பக் கிளம்பினால் பழி இவர்கள் மேல்தான் விழுகிறது. அதனால் மாற்றம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

யாருக்கும் வேலை போகாது, சம்பளமும் குறையாது. ஆனால் டெஸ்ட் லீடுக்குக் கீழே இனி ஆட்கள் இருக்க மாட்டார்கள். இதைப் பதவி உயர்வு போலப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. முதலில் அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மற்றவர்களிடம் பேசுவேன். மூன்று குழுக்களுக்கும் ஆட்டோமேஷன் முறையை அவரே தீர்மானிக்கலாம் என்பது என் யோசனை. கூடவே ரிலீஸை நிறுத்திவைக்கும் அதிகாரமும் தராவிட்டால் அது வெறும் பெயர்ப்பலகைதான் (மேலிடம் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை).

இப்படி மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஆண்டின் நடுவில் மாறியவர்களுக்கு அப்ரைசலை யார் எழுதினார்கள்? புது மேனேஜருக்கு அவர்களுடைய முந்தைய வேலை தெரியாதே. லீட் என்ற பதவிப்பெயரை ஆவணத்தில் அப்படியே விட்டீர்களா? நாளை அவர் வேறு வேலை தேடினால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.