மூணாம் நாளே பதினாறையும் முடிச்சுடலாமா?

வேலூர்ப் பொண்ணு: அப்பா தவறி ரெண்டு நாள் ஆகுது. அண்ணனுக்கு துபாய்ல லீவு இல்ல. நாளைக்குப் பால் தெளிச்ச கையோட கருமாதியையும் முடிச்சுடலாம்னு பெரியவங்க சொல்றாங்க. அம்மா வேணவே வேணாங்கறாங்க. சாஸ்திரம் இருக்கட்டும், அம்மாவோட மனசுக்கு அந்த 16 நாள்ல என்ன இருக்கு?

கறுப்புத்துண்டு: ஒண்ணும் இல்லை. கடன் வாங்கிப் பந்தி போடணும், வர்றவங்களுக்கெல்லாம் வீட்டுப் பெண்கள் காபி ஆத்தணும். கடைசி நாள் அந்த அம்மாவை நடுவில் உட்கார வெச்சுப் பூவையும் வளையலையும் எடுப்பாங்க. இதுல மனசுக்கு என்ன மருந்து? மூணாம் நாளே முடிங்க.

செல்வி_எம்ஏ: அப்படிச் சொல்லாதீங்க. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்புன்னு துக்கத்துக்கு 5 கட்டம் உண்டு. 16 நாள்ல அதெல்லாம் தாண்டிடணும்னுதான் முன்னோர்கள் கணக்குப் போட்டு வெச்சாங்க.

மருதன்: செல்வி, அந்த 5 கட்டத்தை மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது சாகப்போகிற நோயாளிகளைப் பார்த்து. இழந்தவர்கள் அப்படி வரிசையாகப் போவதில்லை. காலையில் அழுதவர் மதியம் பால் கணக்குப் பார்ப்பார், ராத்திரி மறுபடி அழுவார். துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஸ்ட்ரோபேயும் ஷுட்டும் 1999-ல் விவரித்தது இந்த ஊசலாட்டத்தைத்தான். 16 நாளில் துக்கம் தீரும் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். பதினேழாம் நாள் அழுகை வந்தால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

கேள்விக்கு வருகிறேன். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது "எப்படி ஆச்சு?" என்றுதான். அம்மா திரும்பத் திரும்பச் சொல்வார். முதல் நாட்களில் பேச்சு பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிடும். போகப் போகக் கல்யாணமான புதிது, வீடு கட்டிய கதை எல்லாம் அதில் சேரும். தீராத துயரத்துக்கு மனநல மருத்துவர் கேதரின் ஷியர் வகுத்த சிகிச்சையிலும் முக்கியமான ஒரு பகுதி, இறப்பு நடந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான். அதற்கும் ஏறக்குறைய 16 அமர்வுகள்; எண் ஒத்துப்போனது தற்செயல். மூணாம் நாளே கருமாதி முடிந்தால், நாலாம் நாள் முதல் "காரியம்தான் முடிஞ்சிருச்சே" என்று யாரும் வரமாட்டார்கள். உங்கள் அம்மா இழக்கப்போவது அந்தக் காதுகளை.

கறுப்புத்துண்டு: அப்போ உதவுறது ஆள் வர்றதுதான், சடங்கு இல்லை. சொந்தக்காரங்களைச் சும்மா வரச் சொல்லலாமே?

மருதன்: பாதி சரி. சடங்குக்கே குணமாக்கும் சக்தி உண்டு என்று நானும் சொல்ல மாட்டேன். கொரோனா காலத்தில் இறுதிச் சடங்கு தடைப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. ஆனால் "சும்மா வாங்க" என்றால் நம் ஊரில் யார் வருவார்கள்? தேதி இருந்தால்தான் வருவார்கள். பூ, வளையல் எடுப்பதைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அதை விட்டுவிட்டே பதினாறு கும்பிடலாம், கும்பிடுகிற வீடுகளும் உண்டு.

நல்லூரான்: எங்கட யாழ்ப்பாணப் பக்கம் எட்டுச்செலவு, பிறகு 31-ம் நாள் அந்தியேட்டிக் கிரியை. ஆனா லண்டனில தகனத்துக்கு நாள் கிடைக்கவே 2, 3 கிழமை போயிடும். அப்ப 31-ஐ செத்த நாளில இருந்தோ, எரிச்ச நாளில இருந்தோ எண்ணுறது? ஐயர்மார் ஆளுக்கொண்டு சொல்லினம்.

மருதன்: நல்லூரான், அது ஐயர் தீர்க்க வேண்டிய கணக்கு.

வேலூர்ப் பொண்ணு, அண்ணன் கையால்தான் ஆக வேண்டும் என்று உங்கள் வீட்டார் நினைக்கிற ஆற்றங்கரைக் காரியத்தை மட்டும் நாளைக்கு முடித்துக்கொள்ளுங்கள். "பதினாறு இன்ன தேதி, வீட்டில்" என்று நாளைக்கே எல்லார் காதிலும் போட்டுவிடுங்கள். அன்று படத்துக்கு மாலை, அவருக்குப் பிடித்ததை வைத்து ஒரு படையல் போதும். பந்தி வேண்டாம். படையலில் என்ன வைப்பது என்பதை அம்மாவே முடிவு பண்ணட்டும். எல்லாம் கைமீறிப் போன நேரத்தில் அந்தச் சின்ன முடிவு அவர் கையில் இருப்பது நல்லது. பொதுவாகச் சறுக்குவது பதினாறுக்குப் பிறகுதான், வீடு ஒரே நாளில் காலியாகிவிடும். முப்பதாம் நாளுக்கும் மாசாமாசம் அந்தத் திதிக்கும் யாராவது ஒருவர் வருவதுபோல இப்போதே பேசி வையுங்கள்.

திதியன்று அழுவது நோயில்லை. 6 மாதம் தாண்டியும் அநேகமாகத் தினமும் அதே ஏக்கம், சமையல், குளியல்கூட முடியாத நிலை என்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சொல்வதும் அந்த 6 மாதம்தான், அதிலும் அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022 முதல் பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறார்கள்.

கறுப்புத்துண்டு: பந்தி இல்லைன்னா பங்காளிங்க சும்மா விடுவாங்களா? அந்தப் பேச்சையும் அம்மாதானே கேட்கணும்?

வேலூர்ப் பொண்ணு: பெரியப்பா இப்பவே அதைத்தான் ஆரம்பிச்சுட்டார். அண்ணனை விட்டுப் பேசச் சொல்லியிருக்கேன்.