புதுப்பிப்பு: சிபியு 27% தான், ஆனாலும் ரப்பர் பேண்டிங்குக்குக் காரணம் சிபியுதான்

முன்பு கேட்டது: “பினாங்கு மைன்கிராப்ட் சர்வர், 4 கோர். சிபியு 27%, நெட்வொர்க்கும் குறைவு. அப்புறம் ஏன் எல்லாரும் பின்னால் இழுபடுகிறார்கள்?”

உதவிய எல்லாருக்கும் நன்றி. பட்டர்வொர்த் அண்ணன் சொன்னதுதான் சரி: 4 கோரில் 25% என்றால் ஒரு கோர் முழுசாக நிரம்பியிருக்கலாம், மொத்தக் கணக்கை நம்பாதே என்றார்.

```
top -H
```

`Server thread` மட்டும் 99%. `/mspt` போட்டால் ஒரு டிக்குக்கு 80 மில்லிநொடிக்கு மேல், ஆனால் நொடிக்கு 20 டிக் ஓட 50க்குள் இருக்க வேண்டும். ஸ்பார்க் ப்ரொஃபைலரில் டிக் நேரத்தின் பெரும்பங்கு ஒரே பண்ணையில் அடைத்திருந்த கிராமவாசிகளுக்குப் போனது, அவர்களைக் குறைத்ததும் 30க்கு இறங்கியது.

நெட்வொர்க் கிராஃபில் பள்ளம் விழுகிறது, லைன்தான் கோளாறு என்ற தம்பி கவனித்தது உண்மை, ஆனால் டிக் தடுமாறும்போது சர்வரே பாக்கெட் அனுப்பாததால் விழுந்த பள்ளம் அது. வீட்டு வைஃபை மாற்றிச் சரியானதாகச் சொன்ன அக்காவுக்கு நேர்ந்தது வேறு, அங்கே ஒருவர் மட்டுமே இழுபடுவார், எங்களுக்கு எல்லாரும் ஒரே நொடியில்.

எதிர்பாராதது: ஈப்போ நண்பர் ஒருவர் இன்னும் இழுபடுகிறார். அவர் `mtr`-இல் நடுவில் தொடங்கும் இழப்பு கடைசிவரை தொடர்கிறது, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.