கலைச்சொல் தேவை: ஒரே அமாவாசைக்கு இரு தேதிகள்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது

அனைவருக்கும் வணக்கம். நாட்காட்டிச் செயலி ஒன்றின் உதவிக்குறிப்பைத் தமிழாக்கி வருகிறேன். நள்ளிரவை ஒட்டி நிகழும் ஒரே அமாவாசை ஒரு நேர வலயத்தில் முதல் நாளாகவும் அடுத்த வலயத்தில் மறுநாளாகவும் பதிவாகிறதே, அந்த நிலைக்கு ஒரு சொல் வேண்டும். ‘தேதி மாற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன். அது நாள்தோறும் நள்ளிரவில் நடப்பதையே குறிக்கிறது.

வானியல் ஆர்வலர்

ஒரே நாட்டில் இது நேர்ந்திருக்கிறது. வியட்நாமின் சந்திரப் புத்தாண்டான டெட், அமாவாசைக் கணம் விழும் தேதியில் தொடங்குவது. 1968இல் அக்கணம் ஜனவரி 29 அன்று உலக நேரப்படி 16:29க்கு வந்தது. அவ்வாண்டு முதல் உலக நேரத்துக்கு 7 மணி முன்னால் இருந்த வடக்கில் அப்போது 29ஆம் தேதி இரவு 11:29. 8 மணி முன்னால் இருந்த தெற்கில் 30ஆம் தேதி பிறந்து 29 நிமிடங்கள் ஆகியிருந்தன. ஆகவே ஹனோயில் 29ஆம் தேதியும் சைகோனில் 30ஆம் தேதியும் டெட் வந்தது. கணம் ஒன்றுதான், அதற்கு ஒட்டப்படும் தேதிதான் இரண்டு. அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் குறிக்கும் ‘உவா’ என்ற பழஞ்சொல் நம்மிடம் இருப்பதால், நிகழ்வை ‘உவாக்கணம்’ என்றும் இந்நிலையை ‘உவாநாள் பிளவு’ என்றும் சொல்லலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

கிழக்கில் நிலவு முன்னதாக உதிப்பதுதானே காரணம்? மேலும் அமாவாசை கணமன்று, திதி. நம் பஞ்சாங்கம் சூரிய உதயத்தில் எந்தத் திதி இருக்கிறது என்றே பார்க்கிறது. நள்ளிரவுக்கு இங்கே வேலையில்லை.

டொராண்டோவிலிருந்து ஒருவர்

எனக்கும் இதே சிக்கல்தான். ஊரிலிருந்து வரும் நாட்காட்டியைப் பார்த்து அப்பாவுக்கு அமாவாசைத் தர்ப்பணம் செய்கிறேன். இங்குள்ள செயலி அதற்கு முந்தைய நாளைக் காட்டுகிறது.

வானியல் ஆர்வலர்

ஐயா, திதி பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்தத் திதி முடியும் இடம்தான் நான் சொல்லும் கணம். ஆனால் நிலவு உதிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. புவிமையத்திலிருந்து கணக்கிட்டால் சூரியனும் நிலவும் ஒரே தீர்க்கரேகையில் சேரும் நொடி உலகம் முழுவதற்கும் பொது. டொராண்டோ அன்பரின் சிக்கல் வேறு: தர்ப்பணத்துக்குப் பிற்பகலில் திதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதை உங்கள் ஊர்ப் பிற்பகலுக்குக் கணித்த பஞ்சாங்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

நிரலாளர்

செயலிகளில் இது பிழையாக வருவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. உலக நேரத் தேதியை மட்டும் சேமித்துவிட்டு, மணியையும் நிமிடத்தையும் எறிந்துவிடுகிறார்கள். முழு நேரத்தையும் வைத்திருந்து, உள்ளூர் நேரமாக மாற்றிய பிறகே தேதியைப் பிரிக்க வேண்டும். சோதிக்க 2007 பிப்ரவரி 17, உலக நேரம் 16:14 போதும்: வியட்நாமில் 17, சீனாவில் 18 வர வேண்டும், அவ்வாண்டு இரு நாடுகளின் புத்தாண்டும் அப்படித்தான் பிரிந்தன. ஒரு மணி நேர இடைவெளியுள்ள இரு வலயங்களில், கணம் அந்த ஒரு மணிக்குள் விழுந்தால்தான் இது நேரும்; ஏறத்தாழ 24 அமாவாசைகளுக்கு ஒன்று. ‘பிளவு’ எனக்கு உறுத்துகிறது, நாளே இரண்டாக உடைவதுபோல் ஒலிக்கிறது. ‘உவாநாள் விலகல்’ எப்படி?

மொழிபெயர்ப்பாளர்

‘உவாக்கணம்’ என்பதை ஏற்றுக்கொண்டேன். ‘விலகல்’ புள்ளியியலில் ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குவதால் தயங்குகிறேன். இப்போதைக்குப் ‘பிளவு’ என்றே வரைவில் வைத்திருக்கிறேன்.