புதுப்பிப்பு: கரண்ட் போன கூட்டத்தின் அறிக்கை

முன்பு கேட்டது: "வெள்ளவத்தையில் எங்கள் குடியிருப்புக் கூட்டம் நடுவில் கரண்ட் போய் நின்றது. கூட்டறிக்கையில் எப்படி எழுதுவது?"

பொருளாளர், ஒலிப்பதிவில் விடுபட்டதை நினைவிலிருந்து நிரப்பலாம் என்றார். பேச்சுக்குப் பரவாயில்லை, வாக்குக்குச் சரிவராது. நான்காம் மாடி அக்கா, தான் லிப்டில் மாட்டியதையும் எழுதச் சொன்னார். அது கூட்ட நடவடிக்கை அல்லவே. அப்புறம் ஓய்வுபெற்ற செயலாளர் ஐயா சொன்னபடி எழுதினேன்:

"மாலை 6.42க்கு மின்தடை. லிப்ட் பராமரிப்புத் தீர்மானத்துக்குக் கைகளை எண்ணும்போது கூட்டம் நின்றது. 7.15க்குத் தொடர்ந்தது. 31 பேரில் 26 பேர் இருந்தனர்; கூட்டம் நடக்கக் குறைந்தது வேண்டிய கூட்ட நடப்பெண் 20. ஒலிப்பதிவு கடைசியாகச் சேமிக்கப்பட்டது 6.38க்கு, அதன்பின் மின்தடை வரையான 4 நிமிடங்கள் இல்லை. வாக்கு முதலிலிருந்து மீண்டும் எடுக்கப்பட்டது."

தொடருமுன் ஆட்களை மறுபடி எண்ணியதுதான் தீர்மானத்தைக் காப்பாற்றியது. இடையில் போன ஐவர், முதலில் உயர்த்திய கையும் சேரவேண்டும் என்கிறார்கள். அது அடுத்த கூட்டத்துக்கு வருகிறது.