புதுப்பிப்பு: என் விற்பனை பயோ

போன வாரம் நான் கேட்டது: “இலக்கில் 112% முடித்தேன், 4 புது வாடிக்கையாளர்களைப் பிடித்தேன், உறவு பேணுவதில் வல்லவன். இப்படிப் போட்டால் போதுமா?”

மருந்து விற்பனையில் மேலாளராக இருக்கும் அண்ணன் கேட்ட ஒரே கேள்வி: “எந்த வருஷம், எதில் 112?” அட்டைப்பெட்டி விற்பனையில் 2023-24க்கு என் இலக்கு 50 லட்சம், முடித்தது 56 லட்சம். அதில் 9 லட்சம் ஒரு மசாலா கம்பெனியின் ஆர்டர். அதைப் பிடித்தவர் எனக்கு முன்பு இருந்தவர். நான் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதனால் 4 என்பது 3 ஆனது.

இன்னொரு நண்பர் கம்பெனிப் பெயர்களைப் போடச் சொன்னார். நம்பிக்கை வரும், சரிதான். ஆனால் அவர்கள் அனுமதி வேண்டுமே. அதனால் பெயர் எதையும் போடவில்லை.

இப்போதைய பயோ:

“அட்டைப்பெட்டி விற்பனை, கோவை. 2023-24: இலக்கு 50 லட்சம், விற்பனை 56 லட்சம். புதிதாகப் பிடித்தவர்கள் 3. முன்பிருந்தவரிடம் ஏற்றுத் தக்கவைத்தது 1. என் 14 வாடிக்கையாளர்களில் 12 பேர் அடுத்த வருஷமும் ஆர்டர் தந்தார்கள்.”

“வல்லவன்” போய்விட்டது, அந்த 12 போதும். 2023-24க்கு முந்தைய வருஷம் இலக்கில் 91%தான் முடித்தேன். அதையும் போடச் சொல்கிறார் அண்ணன், நேர்காணலில் கேட்டால் சொல்லலாம் என்கிறார் நண்பர். இன்னும் முடிவெடுக்கவில்லை.